இன்சுலின் ஊசி போடக் கற்றுக்கொடுப்பது: சேலத்து நர்சிங் மாணவர்களுக்கு ஒரு முழு செக்லிஸ்ட்

வார்டு போஸ்டிங்கில் "பேஷண்ட் எஜுகேஷன் கொடுத்தாச்சு" என்று கேஸ் ஷீட்டில் எழுதுவது சுலபம். இன்சுலின் விஷயத்தில் அந்த வரிக்கு அர்த்தம் வர வேண்டுமென்றால் நீங்கள் பேசியது போதாது, நோயாளி உங்கள் கண் முன்னே தன் பாட்டிலையும் தன் சிரிஞ்சையும் வைத்துச் செய்து காட்டியிருக்க வேண்டும். இந்த செக்லிஸ்ட்டை நான் அந்த வரிசையில்தான் வைத்திருக்கிறேன்: முதலில் பார்ப்பது, அப்புறம் தொட்டுப் பார்ப்பது, கடைசியில்தான் சொல்வது.

பேனா, பம்ப் எல்லாவற்றையும் இதில் அடைக்கப் போவதில்லை. அரசு மருத்துவமனையில் நீங்கள் அதிகம் பார்க்கப் போவது 40 யூனிட் பாட்டிலும் சிரிஞ்சும்தான், அதையே எடுத்துக்கொள்வோம்.

ஒரு உதாரண நோயாளியை வைத்துக்கொண்டே போகலாம். ஏற்காட்டில் நாகலூர் பக்கம், காபி எஸ்டேட்டில் வேலை செய்யும் 58 வயது அம்மா. 30/70 கலவை இன்சுலின், காலை 20 யூனிட், இரவு 12 யூனிட். சில மாதமாக சர்க்கரை ஒரு நாள் 280, மறுநாள் விடியற்காலையில் வியர்த்து நடுங்கி 58. வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை. மாதம் ஒரு முறை பஸ்ஸில் சேலம் இறங்கி வந்து மருந்து வாங்கிப் போகிறார். டோஸை ஏற்றுவதா குறைப்பதா என்று டாக்டர் யோசித்துக்கொண்டிருக்கும்போதுதான் உங்களை "கொஞ்சம் டெக்னிக் பாரும்மா" என்று அனுப்புகிறார்.

படி 1: "எப்படிப் போடுறீங்க?" என்று கேட்காதீர்கள், போட்டுக் காட்டச் சொல்லுங்கள்

கேட்டால் எல்லோரும் சரியான பதிலைத்தான் சொல்வார்கள், ஏனென்றால் அந்தப் பதிலை யாரோ ஒரு சிஸ்டர் ஏற்கெனவே சொல்லிக்கொடுத்திருப்பார். "அம்மா, வீட்டுல எப்படிப் போடுவீங்களோ அப்படியே இங்க செஞ்சு காட்டுங்க, நான் குறுக்க பேச மாட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். டோஸ் நேரத்துக்கு நீங்கள் அங்கே இருந்தால் நிஜ ஊசியையே பார்க்கலாம். இல்லையென்றால் பாட்டிலிலிருந்து இழுப்பது வரை நிஜமாகவும், குத்துவதை மூடி போட்ட சிரிஞ்சோடும் செய்து காட்டச் சொல்லலாம்.

அவர் கண்ணைக் கவனியுங்கள். கோட்டைப் பார்க்க சிரிஞ்சைத் தள்ளிப் பிடிக்கிறாரா, ஜன்னல் பக்கம் திரும்புகிறாரா? வார்டில் வெளிச்சம் நன்றாக இருக்கும். லைன் வீட்டில் காலை ஐந்தரைக்கு மலைப் பனியில் எவ்வளவு வெளிச்சம் இருக்கும் என்று கேளுங்கள். கண்புரை இருந்து 20-ம் 26-ம் ஒரே மாதிரி தெரிந்தால், மருமகளையோ மகனையோ அடுத்த முறை கூட்டி வரச் சொல்லி அவர்களுக்கும் சேர்த்துத்தான் கற்றுக்கொடுக்க வேண்டும்.

படி 2: பாட்டிலும் சிரிஞ்சும் ஜோடி சேர்கிறதா

இதைப் பார்க்காமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது. பாட்டில் லேபிளில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் என்று இருந்தால் சிவப்பு மூடி சிரிஞ்ச். 100 யூனிட் என்று இருந்தால் ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். மூடியின் நிறத்தை மட்டும் நம்பாமல் சிரிஞ்சின் உடம்பில் அச்சிட்டிருக்கும் எண்ணையும் படித்துப் பாருங்கள்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் ஏன் என்று புரியும். நம் அம்மாவுக்குக் காலை 20 யூனிட். 40 பாட்டிலில் அது அரை மில்லி. மருந்து தீர்ந்து, வெளிக் கடையில் யாரோ 100 யூனிட் பாட்டிலைக் கொடுத்து, அவர் பழைய சிவப்பு மூடி சிரிஞ்சில் அதே 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். இரண்டரை மடங்கு. இதற்கு நேர் எதிராக 40 பாட்டிலோடு ஆரஞ்சு சிரிஞ்சை வைத்து 20 கோடு வரை இழுத்தால் கிடைப்பது வெறும் 8 யூனிட். முதலாவது ஆளைச் சாய்த்துவிடும், இரண்டாவது சர்க்கரையை 300-க்கு மேலே வைத்துக்கொண்டு "ஊசி வேலை செய்யல" என்று டோஸை ஏற்ற வைக்கும்.

நோயாளிக்கு ஒரே வரி போதும்: "கடையில வாங்கினா, காலி பாட்டிலையும் பழைய சிரிஞ்சையும் கையோட எடுத்துட்டுப் போய்க் காட்டி வாங்குங்க."

படி 3: வயிற்றைத் தொட்டுப் பாருங்கள்

மாணவர்கள் அதிகம் தவறவிடுவது இதுதான், நம் அம்மாவின் பிரச்சினைக்கு விடையும் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும்.

திரையை இழுத்துவிட்டு, படுக்க வைத்து, பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழும்படி முதலில் பாருங்கள். அப்புறம் விரல் நுனியில் கொஞ்சம் சோப்புத் தண்ணீரோ ஜெல்லோ தடவி, வட்டமாக நகர்த்திக்கொண்டே அழுத்துங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இன்சுலின் போனால் தோலுக்கடியில் கொழுப்பு தடித்துவிடும். லிப்போஹைபர்ட்ரபி என்று பாடத்தில் படித்தது இதுதான். நல்ல தோலைக் கிள்ளினால் மெல்லிய மடிப்பு வரும். தடித்த இடம் ரப்பர் மாதிரி இருக்கும், மெல்லிசாகக் கிள்ள வராது. பல கட்டிகள் கண்ணுக்கே தெரியாது, கைக்குத்தான் தெரியும்.

நம் அம்மாவுக்குத் தொப்புளுக்கு இடது பக்கம், கொஞ்சம் கீழே, சுமார் 5 செ.மீ. அகலத்துக்கு ஒரு தடிப்பு. "ஏம்மா எப்பவும் இங்கேயே?" என்று கேட்டால் இரண்டு பதில் வரும். ஒன்று, "அங்க வலிக்காதும்மா". உண்மைதான், அந்த இடத்தில் உணர்வு குறைந்திருக்கும். இன்னொன்றை அவர் சொல்லக் கூச்சப்படுவார், நீங்கள்தான் புரிந்துகொள்ள வேண்டும். புடவையைத் தளர்த்தாமல் கை எட்டும் இடம் அந்த ஒரு பக்கம்தான். ஒரே அறை வீட்டில், காலையில் எல்லோரும் நடமாடும்போது, பாவாடை நாடாவை அவிழ்த்துத் தொடையில் ஊசி போட எந்த அம்மாவும் முன்வர மாட்டார். இதைக் கேட்காமல் "இடத்தை மாத்திப் போடுங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் அவர் தலையாட்டிவிட்டுப் போய் அங்கேயேதான் போடுவார்.

அந்தத் தடிப்பிலிருந்து இன்சுலின் ஒழுங்காக ரத்தத்துக்குப் போகாது. ஒரு நாள் பாதி தங்கிவிடும், இன்னொரு நாள் எதிர்பாராத நேரத்தில் வந்து சேரும். ஒரு நாள் 280, மறுநாள் 58 என்று ஆடுவதற்கு இது ஒன்றே போதும். பேனாவால் தடிப்பின் ஓரத்தைக் கோடு போட்டு அவர் விரலையே பிடித்துத் தடவிக் காட்டுங்கள். தன் விரலால் உணர்ந்துவிட்டால் அப்புறம் நீங்கள் அதிகம் பேச வேண்டியிருக்காது.

படி 4: டாக்டரிடம் சொல்லாமல் இடத்தை மாற்றச் சொல்லாதீர்கள்

இதைத் தனிப் படியாக வைக்கக் காரணம் உண்டு. தடித்த இடத்தில் சரியாக வேலை செய்யாத 20 யூனிட்டை நாளைக்கே நல்ல தோலில் போட்டால் முழு 20-ம் வேலை செய்யும், சர்க்கரை தடாலென இறங்கும். அதனால் இடம் மாற்றும்போது டோஸைக் குறைக்க வேண்டி வரலாம், பலருக்கு 20 சதவீதம் வரை, சிலருக்கு அதற்கு மேலும். அந்தக் கணக்கில் 20 என்பது 16 ஆகும். முடிவு டாக்டருடையது, உங்கள் வேலை "இடது பக்கம் இத்தனை செ.மீ. தடிப்பு, அதில்தான் இரண்டு வேளையும் போடுகிறார்" என்று அளவோடு சொல்வதும் கேஸ் ஷீட்டில் படம் வரைந்து வைப்பதும்.

முதல் இரண்டு வாரம் குளுக்கோமீட்டரில் அடிக்கடி பார்க்கச் சொல்லுங்கள். மயக்கம், வியர்வை, நடுக்கம், அல்லது அளவு 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறவில்லையென்றால் இன்னொரு முறை. எஸ்டேட்டுக்குப் போகும்போது இடுப்பில் ஒரு சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐ அழைக்க வேண்டும் என்று வீட்டில் இருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்லுங்கள்.

படி 5: இழுப்பதும் குத்துவதும்

கையை சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் என்றால் அரை மணி நேரம் முன்னாலேயே வெளியே வைக்க வேண்டும், குளிர்ந்த மருந்து வலிக்கும்.

கலவை இன்சுலினில் ஒரு பகுதி அடியில் படிந்திருக்கும். பாட்டிலை உள்ளங்கைகளுக்கு நடுவே 10 முறை உருட்டி, 10 முறை மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்தச் சொல்லுங்கள். குலுக்கக் கூடாது, நுரை வந்தால் டோஸ் தப்பும். எத்தனை முறை உருட்டினார் என்பதைவிட, கடைசியில் அடிவரை ஒரே சீரான வெள்ளையாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பதுதான் முக்கியம். சரியாகக் கலக்காத பாட்டிலில் மேலே ஒரு மருந்து, கீழே ஒரு மருந்து என்று ஆகிவிடும். முதல் வாரத்துக்கும் கடைசி வாரத்துக்கும் சர்க்கரை வித்தியாசப்பட இதுவும் ஒரு காரணம்.

ரப்பர் மூடியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துக் காயவிட்டு, 20 யூனிட் அளவுக்குக் காற்றை சிரிஞ்சில் இழுத்துப் பாட்டிலுக்குள் செலுத்த வேண்டும். இதை விட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி மருந்து இழுக்கச் சிரமமாகும், குமிழியும் வரும். பாட்டிலைக் கவிழ்த்து, ஊசி முனை மருந்துக்குள் மூழ்கியிருக்கும்படி 20-க்குக் கொஞ்சம் அதிகமாக இழுத்து, தட்டிக் குமிழியை மேலே கொண்டுவந்து, திருப்பித் தள்ளி 20 கோட்டில் நிறுத்தச் சொல்லுங்கள். குமிழி ரத்தத்தில் போய்விடும் என்று பலர் பயப்படுவார்கள். அது தோலுக்கடியில்தான் போகிறது, ஆபத்தில்லை, ஆனால் குமிழி பிடித்த இடத்தில் மருந்து இல்லை, டோஸ் குறையும்.

குத்தும் இடம் சுத்தமாக இருந்தால் வீட்டில் ஸ்பிரிட் கட்டாயமில்லை. துடைத்தால் காய்ந்த பிறகு குத்தட்டும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல் இரண்டால் தோலை மடிப்பாகப் பிடிக்க வேண்டும், முழுக் கையாலும் அள்ளிப் பிடித்தால் தசையும் சேர்ந்து வந்துவிடும். சிரிஞ்ச் ஊசிகள் 6 அல்லது 8 மி.மீ. நீளம் இருக்கும். 6 மி.மீ. என்றால் மடிப்பில் நேராக, 90 டிகிரியில். 8 மி.மீ. என்றாலோ ஆள் ஒல்லி என்றாலோ மடிப்பில் 45 டிகிரி சாய்வாக. எஸ்டேட் வேலை செய்யும் பலர் ஒல்லியாகத்தான் இருப்பார்கள். தசைக்குள் போனால் மருந்து வேகமாக வேலை செய்து சர்க்கரை சட்டென்று இறங்கும். பிஸ்டனை மெதுவாகக் கடைசிவரை தள்ளி, ஊசியை எடுத்த பிறகு மடிப்பை விட வேண்டும், தேய்க்கக் கூடாது. பேனா என்றால் மட்டும் தள்ளியபின் 10 எண்ணிவிட்டு எடுக்க வேண்டும்.

இது மனித இன்சுலின் கலவை என்றால் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட வேண்டும். ஏற்காட்டுக்காரர்களிடம் இங்கே ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்கள்: "சேலம் வர்ற அன்னிக்கு ஊசி எப்பப் போடுறீங்க?" வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டும் என்று சாப்பிடாமல் கிளம்புவார், ஆனால் வழக்கம்போல ஊசியைப் போட்டுவிட்டு பஸ் ஏறுவார். 20 கொண்டை ஊசி வளைவு இறங்குவதற்குள் சிலருக்கு வாந்தியும் வந்துவிடும். அன்றைக்கு மருந்தையும் சிரிஞ்சையும் கையோடு கொண்டுவந்து, ரத்தம் கொடுத்த பிறகு, சாப்பாடு கைக்கு வருவது உறுதியானதும் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

படி 6: இடம் மாற்றுவதற்கு ஒரு வரைபடம்

"மாத்தி மாத்திப் போடுங்க" என்பது அறிவுரை ஆகாது, எந்த வாரம் எங்கே என்று வரைந்து கொடுங்கள். இந்தக் கலவைக்குக் காலை டோஸ் வயிற்றிலும் இரவு டோஸ் தொடையிலும் போடுவது நல்லது. வயிற்றில் சீக்கிரம் ஏறும், காலைச் சாப்பாட்டுக்கு அது தேவை. தொடையில் மெதுவாக ஏறும், நடு இரவில் சர்க்கரை இறங்குவதற்கான வாய்ப்பு குறையும்.

வயிற்றைத் தொப்புளை மையமாக வைத்து நான்காகப் பிரியுங்கள். தொப்புளைச் சுற்றி இரண்டு விரல் அகலமும், நாடா அழுத்தும் கோடும் வேண்டாம். நம் அம்மாவுக்கு இடது கீழ்ப்பகுதி ஓய்வில், அது கரைய மாதங்கள் ஆகும். மீதி மூன்று: முதல் வாரம் வலது மேல், இரண்டாம் வாரம் வலது கீழ், மூன்றாம் வாரம் இடது மேல். ஒரு பகுதிக்குள்ளேயே ஏழு நாளும் ஒரு விரல் அகலம் தள்ளித் தள்ளிப் போட வேண்டும். இரவுக்கு ஒரு வாரம் வலது தொடை, மறுவாரம் இடது, தொடையின் நடுப்பகுதியில், வெளிப்பக்கமாக. இரவு எல்லோரும் சாப்பிட உட்காரும் முன் கதவைச் சாத்திக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். அதுவும் முடியாதென்றால் இரவுக்கும் வயிறே இருக்கட்டும், காலை இடத்திலிருந்து விரல் தள்ளி. கடைப்பிடிக்கக்கூடிய திட்டம்தான் உதவும், ஆனால் இப்படி மாற்றியதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். கையில் போட்டுக்கொள்வதைத் தவிர்க்கச் சொல்லுங்கள், ஒரு கையால் மடிப்பும் பிடித்து ஊசியும் போட முடியாது.

காலண்டரில் அந்தந்த வாரத்துக்கு நேரே ஒரு வயிற்றுப் படம் வரைந்து, பகுதியைக் கறுப்படித்துக் கொடுத்தால் எழுத்துத் தெரியாதவருக்கும் புரியும்.

படி 7: மருந்தை எங்கே வைப்பது

திறக்காத பாட்டில் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். பயன்படுத்திக்கொண்டிருக்கும் பாட்டில் அறை வெப்பத்தில், பெரும்பாலான வகைகளுக்கு 4 வாரம். வெப்ப வரம்பு 25-ஆ 30-ஆ என்பதை அந்தந்த மருந்தின் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். திறந்த தேதியை லேபிளிலேயே எழுதச் சொல்லுங்கள்.

நம் அம்மாவின் கணக்கு: ஒரு பாட்டில் 10 மில்லி, 400 யூனிட். நாளுக்கு 32 யூனிட் என்றால் 12 நாளில் தீர்ந்துவிடும். திறந்த பாட்டிலைப் பற்றி அவர் கவலைப்பட வேண்டியதில்லை, அவருக்குச் சிக்கல் திறக்காமல் காத்திருக்கும் மற்ற இரண்டு பாட்டில்கள்தான். நாளுக்கு 12 யூனிட் போடுபவருக்கு இது தலைகீழ். 28 நாளில் 336 யூனிட்தான் தீரும், மீதி 64 யூனிட்டைக் கொட்டத்தான் வேண்டும், அதை அவர் மனம் ஒப்பாமல் இன்னும் ஒரு வாரம் ஓட்டுவார். அவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், வீட்டுக்குள் நிழலான மூலையில் பெரும்பாலான மாதம் மருந்துக்கு ஆபத்தில்லை. தகரக் கூரையை ஒட்டிய பரண், அடுப்புக்குப் பக்கத்து மாடம் இரண்டும் வேண்டாம். இதே அம்மா அம்மாபேட்டையிலோ செவ்வாய்ப்பேட்டையிலோ ஆஸ்பெஸ்டாஸ் வீட்டில் இருந்தால் கதை வேறு, சித்திரையில் வெளியே 38, 39 டிகிரி என்றால் கூரைக்கடியில் அதைவிட அதிகம். அங்கே இரண்டு மண் பானை வேண்டும். பெரியதற்குள் சின்னது, நடுவே மணல், காலையும் மாலையும் மணலில் தண்ணீர். பாட்டிலைத் தண்ணீர் புகாத டப்பாவில் போட்டுச் சின்னப் பானைக்குள் வைத்து, மேலே ஈரத்துணி. காற்றோட்டமான நிழலில் இருந்தால்தான் குளிரும். இது திறந்த பாட்டிலுக்கு நல்ல ஏற்பாடு, ஆனால் 2 முதல் 8 டிகிரி தராது, திறக்காத பாட்டிலை மாதக்கணக்கில் அதில் வைக்க முடியாது. அவற்றுக்குப் பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜ், அல்லது ஒவ்வொரு முறையும் குறைவாக மருந்து வாங்குவது என்று வழி தேடுங்கள்.

ஃப்ரிட்ஜ் இருந்தால் கதவுத் தட்டிலோ நடுத் தட்டிலோ. பழைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் ஃப்ரீசருக்கு நேர் கீழே உள்ள ட்ரே வேண்டாம், அங்கே உறைந்துவிடும். உறைந்த இன்சுலின் உருகிய பிறகு சரியாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் தூக்கி எறிய வேண்டியதுதான். மலை ஏறும் பயணத்திலும் இதே தவறு நடக்கிறது, பாட்டிலை ஐஸ் பொட்டலத்தோடு நேரடியாக ஒட்டி வைத்துக் கொண்டுபோகிறார்கள். பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, துண்டில் சுற்றி, அப்புறம்தான் ஐஸ் அல்லது குளிர்ந்த தண்ணீர் பாட்டில் பக்கத்தில். பைக் சீட்டுக்கடியில் வைக்க வேண்டாம், வெயிலில் நிற்கும் பஸ்ஸில் விட்டுவிட்டு இறங்கவும் வேண்டாம்.

கெட்டுப்போனதைக் கண்டுபிடிக்க: உருட்டிய பிறகும் கட்டி கட்டியாக நிற்பது, கண்ணாடிச் சுவரில் பனிப்படலம் போல ஒட்டியிருப்பது, நிறம் மாறுவது. ஆனால் வெயிலில் கெட்டது பார்வைக்கு நன்றாகவே இருக்கலாம். சாப்பாடும் டோஸும் மாறாமல், புதுப் பாட்டில் திறந்ததிலிருந்து சர்க்கரை ஏறினால் பாட்டிலைச் சந்தேகிக்க வேண்டும்.

படி 8: ஊசி

ஒரு சிரிஞ்ச் ஒரு முறைக்குத்தான். நடைமுறையில் பலர் மூன்று நான்கு முறை போடுவார்கள், திட்டினால் அடுத்த முறை மறைப்பார்கள், கிடைக்காததால்தான் போடுகிறாரா என்று கேட்டு வார்டு சிஸ்டரிடம் சொல்லுங்கள். முனை மழுங்கிய ஊசி வலியும் தடிப்பும் கூட்டும். வீட்டில் இன்னொருவருக்கும் சர்க்கரை இருந்தால் சிரிஞ்சைப் பகிரவே கூடாது. பயன்படுத்தியதை மூடி உள்ள கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, நிறைந்ததும் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மருத்துவமனையிலோ ஒப்படைக்க வேண்டும். தோட்டத்தில் வீசினால் வெறுங்காலோடு காபிப் பழம் பறிக்கிறவர் காலில் ஏறும்.

படி 9: அவர் திரும்பி வரும்போது

இரண்டு வாரத்தில் வரச் சொல்லுங்கள். காலி பாட்டில்களை எண்ணுங்கள்: 14 நாளுக்கு டோஸ் 16-ம் 12-ம் என்றால் 392 யூனிட், கிட்டத்தட்ட ஒரு பாட்டில் முழுக்கத் தீர்ந்திருக்க வேண்டும். பாதிக்கு மேல் மீதி இருந்தால் டோஸ் விட்டுப்போயிருக்கிறது, அல்லது குறைவாக இழுக்கிறார், மறுபடி இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். மீட்டர் எண்களை, குறிப்பாக விடியற்காலை எண்ணை, டாக்டருக்கு எடுத்து வையுங்கள். அப்புறம் திரையை இழுத்துவிட்டு, போன முறை வரைந்த படத்தைப் பக்கத்தில் வைத்து, அந்த இடது பக்கத் தடிப்பை அளந்து, வலது பக்கத்தில் புதிதாக எதுவும் தட்டுப்படுகிறதா என்றும் தடவிப் பார்த்து, தேதியோடு எழுதுங்கள்.